வாராவாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன டிரைவருக்கு நன்றி சொல்வது எப்படி: ஏற்காட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிறார். வயது 74. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து, ஜூன் முதல் ஜனவரி வரை வியாழக்கிழமைதோறும் சேலத்துக்கு இறங்கி, கட்டுப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டும் ஊர்க்காரர் ஒருவர்தான் அத்தனை வாரமும் கூட்டிப் போனார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மனசு கேட்காமல் அவருக்குப் போனிலேயே 2,000 ரூபாய் அனுப்பினேன். கூடவே ‘நன்றி அண்ணா’ என்று இரண்டே வார்த்தை. அடுத்த வியாழன் அம்மா வாடகையை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. “பாப்பா அனுப்பின அட்வான்ஸ்ல 1,800 கழிச்சுக்கிட்டேம்மா, இன்னும் 200 நிக்குது” என்று நோட்டைக் காட்டியிருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. வாடகை போகிற வழியிலேயே பணமும் போனால் அது வாடகையாகத்தான் போய்ச் சேரும். ஜனவரியில் புண் ஆறிக் கடைசிக் கட்டையும் பிரித்த பிறகு, இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தோம். அப்படிச் செய்ததைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்

ஒரு தாள் எடுத்து, கூட்டிப்போகப்பட்டவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மகனோ மகளோ மட்டும் உட்கார்ந்து எழுதினால் ‘பத்திரமாகக் கூட்டிப் போனார்’ என்ற ஒரு வரிக்கு மேல் வராது. நாம் வண்டியில் இல்லையே.

அம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பதால் முதல் வாரத்துக்குப் பிறகு முன் சீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறார். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும், உள்ளே இருப்பவருக்கும் வயிற்றைப் புரட்டும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது மலைப்பாதை விதி. அவர் அதற்காக ஒதுங்கி நிற்கிற நேரத்தில் அம்மாவிடம் “சரியா இருக்கீங்களா” என்று ஒரு வார்த்தை கேட்பாராம்.

இன்னொன்று செருப்பு. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலுக்குச் செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது, செருப்பே கழன்று விழுந்தாலும் தெரியாது. போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் அம்மாவிடம் சொன்னதை இவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கும் முன் அம்மாவின் எம்.சி.ஆர். செருப்பை, சர்க்கரைக் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது அது, கையில் எடுத்து, கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஆகஸ்டில் ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்ததாம். அம்மா இதை என்னிடம் சொன்னது ஜனவரியில்.

மூன்றாவதாக, அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிய நாள். காலையில் இன்சுலின் போட்டு, ஒன்றரை இட்லியோடு கிளம்பியவர், டாக்டர் வரத் தாமதமானதால் பதினொன்றரை வரை உட்கார்ந்திருக்கிறார். காத்திருக்கும் இடத்துக்கு எட்டிப் பார்க்க வந்த டிரைவர், அம்மாவின் கை நடுங்குவதையும் நெற்றி வியர்ப்பதையும் கவனித்து நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மறுவாரத்திலிருந்து அவர் டேஷ்போர்டில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்.

இப்படி மூன்று சங்கதி கிடைத்தால் போதும். வாடகைக்குள் வருவது எது, வராதது எது என்று தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நன்றி சொல்ல வேண்டியது வராததற்கு.

2. பாக்கிக் கணக்கை முதலில் முடியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. வாராவாரம் போகிற சவாரியில் கேட்கப்படாமலே நின்றுபோன காசு நிறைய இருக்கும். பாக்கியை வைத்துக்கொண்டு வேட்டி துண்டு கொடுத்தால், வாங்குகிறவருக்கு அது பாக்கிக்குப் பதில் கொடுத்ததாகவே படும். நியாயமும் அதுதான்.

எங்களுக்குப் பேச்சு ஒரு தடவைக்கு 1,800 ரூபாய், மூன்று மணி நேரம் வெயிட்டிங் சேர்த்து. அதற்கு மேல் மணிக்கு 150. அம்மா கூச்சப்பட்டு எக்ஸ்ட்ராவைக் கேட்கவில்லை, அவரும் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தோம். டோக்கன் சீட்டில் வந்த நேரம் இருக்கும், பில்லில் கிளம்பிய நேரம் இருக்கும். 31 வாரத்தில் மூன்று வாரம் டாக்டர் இல்லை, ஆக 28 சவாரி. அதில் 9 நாள் மூன்று மணியைத் தாண்டியிருக்கிறது. தாண்டிய நேரத்தைக் கூட்டினால் 17 மணி, அதாவது 2,550 ரூபாய். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தபோது இரண்டு தடவை குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தார். தடவைக்கு 400 என்று நாங்களே வைத்தோம், 800. ஆஸ்பத்திரி பார்க்கிங் 30 ரூபாயை ஒவ்வொரு தடவையும் அவரே கொடுத்திருக்கிறார், அது 840. மொத்தம் 4,190.

இதை 4,200 ஆக்கி, அவருடைய நோட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். “அண்ணா, இது உங்க காசு, நாங்க கொடுக்காம விட்டது” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு நன்றி என்ற பேச்சே எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

ஃபைல் இல்லாதவர்கள் என்ன செய்வது? டிரைவர்கள் பலர் டைரி வைத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் குத்துமதிப்பாகக் கூட்டியே போடுங்கள்.

3. கடைசி சவாரியை முன்கூட்டியே சொல்லுங்கள்

வாரம் ஒரு நாள் நிச்சயமான சவாரி என்பது, ஒரே வண்டி வைத்து ஓட்டுகிறவருக்கு மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். சீசனில் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் இந்த மாதிரி சவாரிதான் வண்டித் தவணையைக் கட்டுகிறது. புண் ஆறிய சந்தோஷத்தில் “அடுத்த வாரம் வர வேண்டாங்கண்ணா” என்று ஒரு போனில் முடித்துவிட்டால், அவருக்கு அந்த வியாழன் காலியாகிவிடும்.

டாக்டர் ‘இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தால் போதும்’ என்று சொல்கிற அன்றே அவரிடமும் சொல்லிவிடுங்கள். கூடவே அந்த நாளுக்கு வேறு சவாரி பிடித்துத் தர முடியுமா என்று பாருங்கள். கட்டுப் போடும் அறைக்கு வெளியே வாராவாரம் அதே முகங்கள்தான் உட்கார்ந்திருக்கும். அதில் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிற குடும்பம் ஒன்று இருந்தது. அவரைக் கேட்டுக்கொண்டுதான் நம்பரைக் கொடுத்தோம். கேட்காமல் கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் ஆஸ்பத்திரி சவாரி பிடிக்காது. என்னைக் கேட்டால் நாங்கள் செய்ததிலேயே அவருக்கு அதிகம் பயன்பட்டது இதுதான், துணிமணிகூட அதற்கப்புறம்தான்.

4. என்ன கொடுப்பது

பணம் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அது வாடகை மாதிரி தெரியக் கூடாது. போனில் அனுப்ப வேண்டாம். புது நோட்டாகக் கவரில் வைத்து, 1,001, 2,001, 5,001 என்று ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஒரு ரூபாய் இருந்தால் யாரும் அதைக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். எவ்வளவு என்பது அவரவர் வசதி. இரண்டு மூன்று சவாரி வாடகைக்குச் சமமாக இருந்தால் சின்னதாகத் தெரியாது, வாங்கக் கூசுகிற அளவுக்கும் போகாது. நாங்கள் 5,001 வைத்தோம்.

அவர் வண்டிக்கு எட்டு வயது தாண்டியிருந்தால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். டயர், பெயின்ட், இன்சூரன்ஸ் என்று அந்த மாதம் கை வறண்டு போகும். எஃப்.சி. எப்போது என்று பேச்சுவாக்கில் விசாரித்து, அதற்கு முந்தின வாரம் கொடுத்தால் அதே 5,001 இன்னும் கனமாக இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரமும் அப்படித்தான்.

பொருள் என்றால் வீட்டுக்காரம்மாவை மறக்காதீர்கள். ஆறரைக்கு அம்மா வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டுமென்றால், அவர் வீட்டில் ஐந்து மணிக்கே யாரோ எழுந்து அடுப்புப் பற்ற வைத்திருக்க வேண்டுமே. அம்மா அவர் மனைவிக்குப் போன் செய்து என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு, இளம்பிள்ளை சேலை ஒன்று எடுக்கச் சொன்னார். அவருக்கு நாலு முழ வேட்டியும் துண்டும். நான் சேலம் வெண்பட்டு வேட்டி எடுக்கலாம் என்றேன். “வருஷத்துக்கு ஒரு நாள் கட்டுவான், மத்த நாள் பீரோவுல கெடக்கும்” என்று அம்மா தள்ளிவிட்டார். வேட்டி கட்டாத ஆள் என்றால் சட்டைத் துணியாக எடுங்கள், தையல் கூலியையும் கவரில் சேர்த்துவிடுங்கள். கூலி இல்லாத சட்டைத் துணி எங்கள் வீட்டிலேயே நாலு கிடக்கிறது.

காப்பித் தூளும் மிளகும் வேண்டாம். ஏற்காட்டுக்காரருக்கு ஏற்காட்டுக் காப்பித் தூளா? பாட்டில் வாங்கித் தருவது அறவே கூடாது, அவர் பிழைப்பு ஸ்டீயரிங்கில். பழைய துணியும் கூடாது. நல்ல நிலையில் இருக்கிற ஸ்வெட்டராகவே இருந்தாலும் அதை நன்றி என்று கொடுக்காதீர்கள்.

5. ஒரு கடிதம்

பணம் செலவாகிவிடும், சேலை பழசாகிவிடும். கடிதத்தை அவர் அடுத்த சவாரிக்காரரிடம் காட்டலாம். அதனால் பாராட்டு வார்த்தைகளைக் குறைத்து, நடந்ததை எழுதுங்கள். ‘தெய்வம் மாதிரி வந்தார்’ என்றால் படிக்கிற மூன்றாம் ஆளுக்கு ஒன்றும் புரியாது. ‘28 தடவை, ஒரு தடவைகூடத் தாமதம் இல்லை’ என்றால் புரியும். கூட்டிப்போகப்பட்டவரின் குரலிலேயே இருக்கட்டும், கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும். அம்மா சொல்ல நான் எழுதியது இது:

“தம்பிக்கு,

ஜூன் மாதத்திலிருந்து ஜனவரி வரைக்கும் 28 வியாழக்கிழமை என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாய். ஒரு நாளும் ஆறரை தாண்டி வந்ததில்லை. ஒரு நாளும் போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டியதில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு இருபது வளைவிலும் எனக்கு ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை. நான் இறங்கும் முன்னால் என் செருப்பை நீதான் தட்டிப் பார்த்து வைத்தாய். அதிலிருந்து ஒரு நாள் ஸ்டேப்ளர் பின் விழுந்தது. எனக்குச் சர்க்கரை இறங்கிய அன்று முதலில் கவனித்ததும் நீதான். என் கால் ஆறிவிட்டது. வயதானவர்களைக் கூட்டிப்போக ஆள் தேடுகிறவர்கள் இந்தத் தம்பியை நம்பலாம். என்னிடம் கேட்டாலும் சொல்வேன்.”

கீழே அம்மா கையெழுத்து, தேதி, போன் நம்பர். வாயால் தம்பி என்று கூப்பிடுகிறவர் கடிதத்தில் ‘திருவாளர்’ என்று போட்டால் அது வேறு யாருக்கோ எழுதியதுபோல் ஆகிவிடும். அதனால் ‘நீ’ என்றே விட்டோம். நோயைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்பதைக் கையெழுத்துப் போடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மா எழுதலாம் என்றார், சிலர் விரும்ப மாட்டார்கள். பிறகு லேமினேட் செய்து கொடுங்கள். மலையில் ஈரத்துக்குச் சாதாரணத் தாள் ஒரு மழைக்காலம் தாங்காது.

6. கொடுக்கிற நாள்

ஆஸ்பத்திரி வாசலில் வேண்டாம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், செக்யூரிட்டி வண்டியை எடு என்பார், அவர் ஒரு கையில் வாங்கி சீட்டில் போட்டுவிட்டுக் கியர் போடுவார். ஞாயிறும் வேண்டாம், ஏற்காட்டில் வண்டிக்காரருக்கு அதுதான் சம்பாதிக்கிற நாள். நாங்கள் சவாரி நின்ற மறுவாரம், அதே வியாழக்கிழமை காலையில், குடும்பத்தோடு சாப்பிட வரச் சொன்னோம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். டிரைவருக்குத் திண்ணையில் தனியாக, தனி டம்ளரில் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட முடியாதென்றால் சாப்பிடக் கூப்பிடவே வேண்டாம். நம்மோடு, நம் பக்கத்தில், நாம் சாப்பிடுவது மாதிரியான தட்டிலேயே.

தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், துணி, கவர், மேலே கடிதம். அம்மாதான் இரண்டு கையாலும் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். காசு என்னுடையது என்பதால் நான் கொடுத்திருந்தால் அது முதலாளி கொடுப்பதுபோல் ஆகியிருக்கும். வேறு மதத்துக்காரர் என்றால் வெற்றிலைத் தட்டு கட்டாயம் ஒன்றும் இல்லை. பழத்தட்டு போதும், அழகாகவே இருக்கும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். அவராக எடுக்கச் சொன்னால் எடுங்கள், அவர் போனில்.

கொடுக்கும்போது பேச்சு நீள வேண்டியதில்லை. தாளில் எழுதியதில் ஒன்றைச் சொன்னால் போதும். அம்மா “அந்தப் பின்னு மட்டும் என் கால்ல ஏறியிருந்தா இன்னிக்கு நான் நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன் தம்பி” என்றார். அவர் மனைவிக்கு அதுவரை அந்தக் கதையே தெரியாது.

7. “வேண்டாங்க” என்றால்

சொல்வார். முதல் இரண்டு ‘வேண்டாங்க’ மரியாதைக்கு, எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். மூன்றாவது தடவையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றால் நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம். பாக்கெட்டில் திணிப்பது, வண்டி சீட்டில் போட்டுவிட்டு ஓடுவது இதெல்லாம் வேண்டாம். கவரை எடுத்துவிட்டு, துணியையும் கடிதத்தையும் மட்டும் கொடுங்கள். எங்கள் டிரைவர் இரண்டாவதோடு வாங்கிக்கொண்டார்.

8. நிலைமை வேறாக இருந்தால்

அவர் டிராவல்ஸில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் என்றால் பாக்கிக் கணக்கு முதலாளியோடு, நன்றி டிரைவரோடு. கவரை நேராக அவர் கையில் கொடுத்துவிட்டு, கடிதத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து முதலாளிக்கு அனுப்புங்கள். அடுத்த தடவை நல்ல சவாரி பிரிக்கும்போது அது உதவும். பணம் கொடுத்ததை முதலாளியிடம் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டிப்போகப்பட்டவர் இறந்துபோயிருந்தால், தகவலை டிரைவருக்கு நீங்களே போனில் சொல்லுங்கள், அவர் ஊரார் வழியாகக் கேட்கும்படி விடாதீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுங்கள். பாக்கியும் நன்றியும் அதற்கப்புறம், அவர் வீட்டுக்கே போய்.

9. அப்புறம்

ஆறிய புண் அதே இடத்தில் மறுபடி திறக்கலாம் என்பதால் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் அதே வண்டியில்தான் போனார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நன்றி செய்துவிட்டோமே என்ற உரிமையில் “அப்படியே செவ்வாய்ப்பேட்டையில ஒரு சாமான் வாங்கிட்டு வந்துடுங்க” என்று ஆரம்பிப்பது, வாடகையில் குறைக்கச் சொல்வது. அவரும் வாங்கியதை நினைத்து மறுக்க மாட்டார், கொடுத்ததெல்லாம் அப்படியே அவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

ஏப்ரலில் அவர் 1,500 போதும் என்றாராம். அம்மா 1,800 எண்ணி வைத்து, பார்க்கிங் சீட்டை வாங்கிப் பார்த்து 30 ரூபாயும் சேர்த்துக் கொடுத்தார். அவர் டேஷ்போர்டைத் திறந்து நோட்டை எடுத்தபோது, பழைய குளுக்கோஸ் பாக்கெட் கட்டிதட்டிப் போய்க் கிடந்ததாம். போகிற வழியில் கோரிமேட்டில் நிறுத்திப் புதுசு ஒன்று வாங்கினார்கள். அந்தக் காசை யார் கொடுப்பது என்று இருவருக்கும் சண்டை.